போன் பட்டனை எத்தனை பேர் தொட்டார்கள்?

சின்னாளப்பட்டியில் ஒரு சிறிய சுங்குடிச் சேலைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். கல்லூரியில் படிக்கும் மகள் புதுச்சேலை வரும்போதெல்லாம் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். இரண்டு வருடத்தில் ஆயிரத்து எண்ணூறு ஃபாலோயர்கள் சேர்ந்துவிட்டார்கள். பெயருக்குக் கீழே இருக்கும் அறிமுக வரிகளில் கடையின் செல்போன் எண்ணும் இருக்கிறது.

ஆனால் அந்த எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. அது வெறும் எழுத்து. கோயம்புத்தூரில் சேலையைப் பார்த்து ஆசைப்பட்ட ஒருவர் பத்து இலக்கத்தையும் மனதில் வைத்துக்கொண்டு இன்ஸ்டாகிராமை விட்டு வெளியே வந்து, டயல் செய்ய வேண்டும். பாதிப் பேர் அதற்குள் அடுத்த ரீலுக்குப் போயிருப்பார்கள். அறிமுகத்துக்கு மொத்தமே 150 எழுத்துதான் இடம். தமிழில் எழுதினால் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் சேர்ந்து இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதில் போன் எண்ணும் முகவரியும் போக, என்ன விற்கிறோம் என்று சொல்லவே இடமில்லை.

இந்தச் சிக்கலுக்கு இன்ஸ்டாகிராம் 2016-இல் கொண்டுவந்த வழிதான் பிசினஸ் ப்ரொஃபைல். இதற்குக் கட்டணம் கிடையாது. ஜி.எஸ்.டி. எண்ணோ உரிமச் சான்றிதழோ கேட்பதில்லை. நீல டிக் என்பது வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏற்கெனவே இருக்கும் அதே கணக்கு, அதே பெயர், அதே ஃபாலோயர்கள். தன்மை மட்டும் மாறுகிறது.

மாற்றுவதற்குமுன் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். பிசினஸ் கணக்கு எல்லோருக்கும் திறந்ததாகத்தான் இருக்க முடியும். இதுவரை பூட்டி வைத்திருந்த கணக்கு என்றால் மாற்றிய கணமே பழைய படங்கள் அத்தனையும் யார் கண்ணுக்கும் படும். அனுமதிக்குக் காத்திருந்த ஃபாலோயர் கோரிக்கைகளும் தாமாகவே ஏற்கப்பட்டுவிடும். நம் ஊர்ச் சிறு கடைகளில் பல, வீட்டுக் கணக்காகத் தொடங்கி மெல்லக் கடைக் கணக்காக மாறியவை. சேலைகளுக்கு நடுவே குழந்தையின் பிறந்தநாள், வீட்டு வாசல், பள்ளிச் சீருடை எல்லாம் இருக்கும். அவற்றை அழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிவிலும் மேல் மூலையில் உள்ள புள்ளிகளைத் தொட்டு “Archive” கொடுத்தால் உங்களுக்கு மட்டும் தெரிகிற இடத்துக்குப் போய்விடும். வேண்டும்போது திரும்பக் கொண்டுவரலாம். ஒரு மாலை நேரம் ஒதுக்கி இதை முதலில் செய்துவிட வேண்டும்.

இனி மாற்றும் வழி. உங்கள் ப்ரொஃபைல் பக்கத்தில் மேலே மூன்று கோடுகள் இருக்கும். அதைத் தொட்டால் அமைப்புகள் திறக்கும். அதில் கீழே இறங்கி “Account type and tools” என்பதற்குள் போனால் “Switch to professional account” இருக்கும். இந்தப் பெயர்களை அவ்வப்போது இடம் மாற்றிவிடுகிறார்கள். கண்ணில் படாவிட்டால் அமைப்புகளின் உச்சியில் உள்ள தேடல் பெட்டியில் “professional” என்று தட்டினால் போதும். அடுத்து என்ன தொழில் என்று ஒரு பட்டியலிலிருந்து தேர்வு செய்யச் சொல்லும். நம் சேலைக் கடைக்கு “Clothing” வகையில் பொருத்தமானது கிடைக்கும். அதைப் பெயருக்குக் கீழே காட்டலாம், மறைக்கவும் செய்யலாம். பிறகு “Creator”, “Business” என இரண்டு வழிகள் வரும். பொருள் விற்கிற கடைக்கு இரண்டாவதே சரி. ஃபேஸ்புக் பக்கத்தோடு இணைக்கட்டுமா என்றும் கேட்கும். இப்போதைக்கு வேண்டாம் என்று தாண்டிப் போகலாம்.

நடுவில் ஒரு திரை வருகிறது. பெரும்பாலோர் படிக்காமல் கடந்துபோவது அதைத்தான். “Review your contact info” என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சலும் ஒரு போன் எண்ணும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். அவை எங்கிருந்து வந்தன? கணக்குத் தொடங்கும்போது பதிவுசெய்தவை. நம் கடையின் கணக்கைத் தொடங்கியது மகள். ஆகவே அங்கே நிற்பது அவளுடைய சொந்த எண். அவசரமாக “Next” அழுத்தினால், அந்த எண்தான் நாளை காலை ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேருக்கு ஒரு தொடுதலில் கிடைக்கும். இரவு பதினோரு மணிக்குத் தெரியாத ஆள் அழைத்துத் தொல்லை கொடுப்பதாக வருந்துகிற பெண்கள் பலருக்கு, எண் எப்படி வெளியே போனது என்றே தெரிவதில்லை. வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்பவர்கள், பலகாரம் செய்து விற்பவர்கள் இந்தத் திரையில் இன்னும் நிதானமாக நிற்க வேண்டும். அவர்கள் கொடுக்கிற கடை முகவரிதான் வீட்டு முகவரி.

இங்கே “Don't use my contact info” என்று ஒரு வழி இருக்கிறது. என் யோசனை: முதலில் அதையே தொடுங்கள். கணக்கு மாறி முடியட்டும். பிறகு “Edit profile” போய், “Contact options” என்பதில் கடைக்கென்று வைத்திருக்கும் எண்ணை நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம். கடைக்கென்று தனி எண் இல்லையென்றால் இதுதான் வாங்க வேண்டிய நேரம். இரண்டாவது சிம் போட்டுக்கொண்டு, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை வைத்துக்கொண்டால் வீட்டு எண்ணில் வழக்கமான வாட்ஸ்அப் தனியாக ஓடும். முகவரியில் தெருப் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் கொடுக்கவும் வழி உண்டு. வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களுக்கு அது போதும். அதே பகுதியில் தொடர்பு விவரத்தைக் காட்டுவதற்கும் மறைப்பதற்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆடித் தள்ளுபடி முடிந்து பத்து நாள் ஊருக்குப் போகிறீர்களா, அணைத்துவைத்துவிட்டுப் போகலாம்.

மாறிய பிறகு வாடிக்கையாளர் கண்ணுக்கு என்ன தெரியும்? ஃபாலோ, மெசேஜ் பட்டன்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்திருக்கும். ஒரே ஒரு தொடர்பு வழி கொடுத்திருந்தால் அதன் பெயரே இருக்கும், உதாரணமாக “Call”. பல வழிகள் கொடுத்திருந்தால் பொதுவாக “Contact” என்று ஒன்று நிற்கும். தொட்டால் அழைப்பு, மின்னஞ்சல், வழி என்று கீழே விரியும். முகவரியைத் தொட்டால் வரைபடம் திறக்கும். இதை உங்கள் போனில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பக்கத்துக் கடைக்காரரின் போனை வாங்கி, அவர் கணக்கிலிருந்து உங்கள் பக்கத்துக்குப் போய், ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். வரைபடம் கடை வாசலில் நிற்கிறதா, ஊர் நடுவே எங்கோ நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். இந்தப் பட்டன்கள் செல்போன் செயலிக்கானவை. கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறப்பவர்களை நம்பி இருக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்புக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதை எல்லாக் கடைக்காரர்களுக்கும் சொல்வேன். “Edit profile” பகுதியில் “Links” என்று இருக்கும். அதில் இப்படி ஒரு முகவரியைச் சேர்க்கலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Instagram
```

X இருக்கும் இடத்தில் உங்கள் பத்து இலக்க எண். முன்னால் இருக்கும் 91 நம் நாட்டுக் குறியீடு. கூட்டல் குறியோ, தொடக்கத்தில் பூஜ்யமோ, இடைவெளியோ சேர்க்கக் கூடாது. சேர்த்தால் இணைப்பு சரியாக வேலை செய்யாமல் போகலாம். இணைப்பைத் தொட்டவருக்கு உங்கள் வாட்ஸ்அப் உரையாடல் திறக்கும். அனுப்ப வேண்டிய இடத்தில் “Instagram” என்ற சொல் தயாராக எழுதியிருக்கும். அதை அப்படியே அனுப்பிவிட்டுப் பேச்சைத் தொடங்குவார்கள். உங்களுக்கு என்ன லாபம்? ஒரு நாளில் வருகிற ஐம்பது செய்திகளில் எவை இன்ஸ்டாகிராமிலிருந்து வந்தவை என்பது கேட்காமலே தெரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் இந்தச் சொல் நமக்குப் பெரிதும் பயன்படப் போகிறது.

பட்டன்களோடு கூடவே வருவதுதான் “Insights” என்னும் கணக்கு வழக்கு. ப்ரொஃபைலின் மேல் பகுதியில் உள்ள “Professional dashboard” வழியாக அதற்குள் போகலாம். மாற்றிய அன்றே திறந்து பார்த்து, பழைய பதிவுகளுக்கு ஒன்றும் இல்லையே என்று ஏமாறாதீர்கள். கணக்கு மாறிய நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது. பிசினஸுக்கு மாற்றியதும் பார்வை குறைந்துவிட்டது என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். மாற்றுவதற்குமுன் எவ்வளவு பேரை எட்டியது என்ற கணக்கே அவர்களிடம் இருந்திருக்காது. எதோடு ஒப்பிட்டுக் குறைந்தது என்கிறார்கள்? ஃபாலோயர்களின் ஊர், வயது போன்ற விவரங்கள் தெரிய நூறு ஃபாலோயர்களாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்தப் பகுதி காலியாகவே இருக்கும்.

சேலைக் கடை மாறி ஒரு மாதம் ஆகிவிட்டது. முப்பது நாள் கணக்கைத் திறக்கிறாள் மகள். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் அவை நிற்கும் விதம் எந்தக் கடையிலும் இப்படித்தான் இருக்கும். பார்வைகள் 24,000. எட்டிய கணக்குகள் 9,000. ப்ரொஃபைலுக்கு வந்தவை 600. அழைப்புப் பட்டனைத் தொட்டவை 40. முகவரியைத் தொட்டவை 25. வாட்ஸ்அப் இணைப்பைத் தொட்டவை 75.

24,000 என்றதும் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த எண் சொல்வது குறைவு. ஒரே ஆள் ஒரு ரீலை மூன்று தடவை பார்த்தால் மூன்று பார்வை. தனித்தனி ஆட்கள் எவ்வளவு என்பதற்குக் கொஞ்சமாவது நெருங்கி வருவது 9,000 என்ற எண். அவர்களிலும் பெரும்பாலோர் விரலால் தள்ளிவிட்டுப் போனவர்கள். கடைக்காரர் தன் கண்ணை வைக்க வேண்டியது 600-இல் தொடங்குகிறது. சேலையைப் பார்த்து, யார் இவர்கள் என்று கடைப் பக்கத்துக்கே வந்து எட்டிப் பார்த்தவை அவை. அந்த 600-க்கு 140 தொடுதல்கள் நடந்திருக்கின்றன. நாலு, ஐந்து வருகைக்கு ஒரு தொடுதல். சிறு கடைக்கு இது நல்ல கணக்கு. அடுத்த மாதம் வருகை 600-ஆகவே இருந்து தொடுதல் மட்டும் 60-ஆகக் குறைந்தால் சேலையில் குறை இருக்காது. பக்கத்தின் முகப்பில் ஏதோ தடுக்கிறது: விலை தெரியவில்லை, வெளியூருக்கு அனுப்புவீர்களா என்று தெரியவில்லை, அல்லது இணைப்பு உடைந்திருக்கிறது.

தொடுதல் வேறு, வாடிக்கையாளர் வேறு. அழைப்புப் பட்டனைத் தொட்டால் போனின் டயல் திரையில் எண் வந்து நிற்கும், அவ்வளவுதான். பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் அழைப்பு போகும். அழைத்தார்களா, நீங்கள் எடுத்தீர்களா, என்ன பேசினீர்கள் என்பதெல்லாம் இன்ஸ்டாகிராமுக்குத் தெரியாது. எண்ணைச் சேமித்து வைத்துக்கொண்டு தீபாவளிக்கு முன் அழைப்பவரும் இந்தக் கணக்கில் வரமாட்டார். ஆகவே பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நோட்டு தேவை. அழைத்தவரிடம் “எங்க பார்த்து கூப்பிடுறீங்கம்மா?” என்று ஒரு கேள்வி கேட்டுக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நம் கடையின் நோட்டில் 40 தொடுதலுக்கு 22 அழைப்புகள்தான் பதிவாகியிருக்கின்றன. மிச்சம் 18 எங்கே? போனில் எடுக்காமல் விட்ட அழைப்புகளைப் பார்க்கிறார்கள். அந்த மாதத்தில் தெரியாத எண்களிலிருந்து 11 அழைப்புகள். முக்கால்வாசி இரவு எட்டரைக்குப் பிறகு வந்தவை.

அந்த நேரத்தில் கடை பூட்டியிருக்கும். மகள் பதிவு போடுவது இரவு எட்டு மணிக்கு. ஏனென்றால் ஃபாலோயர்கள் எந்த நேரத்தில் அதிகம் இருக்கிறார்கள் என்ற வரைபடம் எட்டு முதல் பத்து மணி வரை உயர்ந்து நிற்கிறது. அவள் செய்தது பாடப்புத்தகப்படி சரி. ஆனால் சேலையைப் பார்த்த சூட்டோடு அழைப்பவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. ஆட்கள் இருக்கும் நேரத்தைச் சொல்கிற வரைபடம், நீங்கள் இருக்கும் நேரத்தைப் பற்றி எதுவும் அறியாது. பதிவைக் காலை பதினோரு மணிக்கு மாற்றலாம். அல்லது “அழைக்க: காலை 10 - இரவு 8, மற்ற நேரம் வாட்ஸ்அப்” என்று அறிமுக வரியில் எழுதலாம். எண்ணும் முகவரியும் பட்டனுக்குள் போய்விட்டதால் இப்போது அதற்கு இடம் இருக்கிறது.

வாட்ஸ்அப் பக்கம் கணக்கு இன்னும் தெளிவு. 75 பேர் இணைப்பைத் தொட்டார்கள். “Instagram” என்ற சொல்லோடு வந்த செய்திகள் 52. மற்ற 23 பேர் திறந்துவிட்டு அனுப்பாமல் திரும்பியவர்கள். 52 பேரில் 14 பேர் சேலை வாங்கினார்கள். ஆக 600 வருகையிலிருந்து வாட்ஸ்அப் வழியாக மட்டும் 14 சேலை. இந்த எண்ணை எந்தத் திரையும் காட்டாது. இன்சைட்ஸையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கிடைக்கும்.

இனி பதிவுகள். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே “View insights” இருக்கும். அந்த மாதத்தில் இரண்டு பதிவுகள் பேசப்பட்டன. ஒன்று, சாயத்தில் முக்கிய துணியின் முடிச்சுகளை அவிழ்க்கும்போது புள்ளிகள் விரிகிற ரீல். அது 15,000 பார்வை பெற்றது. இன்னொன்று, ஒரே சேலையின் ஆறு நிறங்களையும் வரிசையாக வைத்து, விலையும் கூரியர் செலவும் எழுதிய படத் தொகுப்பு. 1,800 பார்வைதான். ஆனால் ரீலைப் பார்த்துவிட்டுக் கடைப் பக்கத்துக்கு வந்தவை 90. தொகுப்பிலிருந்து வந்தவை 150. முதலாவதில் சுமார் 167 பார்வைக்கு ஒருவர் உள்ளே வந்தார். இரண்டாவதில் 12 பார்வைக்கு ஒருவர். தொகுப்பைச் சேமித்து வைத்தவர்களும், அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்பியவர்களும் அதிகம். சேலை விஷயத்தில் அனுப்புதல் என்பது “இது எடுக்கலாமா?” என்று கேட்பதுதான். விருப்பக் குறியைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அதற்காக ரீலை நிறுத்த வேண்டியதில்லை. புதிய ஆட்கள் கடை பெயரைக் கேள்விப்படுவது அதனால்தான்; அதன் பார்வைகளில் பெரும்பகுதி ஃபாலோயர் அல்லாதவர்களுடையது என்று இன்சைட்ஸே பிரித்துக் காட்டும். விற்பது மற்றதன் வேலை. கருத்துகளின் எண்ணிக்கையை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். விலை போடாத பதிவின் கீழ் நாற்பது கருத்துகள் இருந்தால் திறந்து படியுங்கள். முப்பது பேர் “அக்கா, என்ன விலை?” என்று கேட்டிருப்பார்கள். ஈடுபாடு என்று அங்கே உயர்ந்து நிற்கிற எண், உண்மையில் நாம் சொல்லாமல் விட்ட ஒன்றின் கணக்கு.

ஊர்ப் பட்டியலையும் ஒருமுறை பார்க்கலாம். நம் கடையின் ஃபாலோயர்கள் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு, மதுரை என்ற வரிசையில் இருக்கிறார்கள் என்றால், பெரும்பாலோர் கடைக்கு நேரில் வரப் போவதில்லை. அறிமுகத்தின் முதல் வரியில் கூரியர் விவரம் வர வேண்டும். ஆனாலும் முகவரிப் பட்டனை எடுத்துவிடக் கூடாது. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே காரில் போகிறவர் வழியில் இறங்கித் தேடுவது அதைத்தான்.

சில இழப்புகளையும் சொல்லியாக வேண்டும். முதலில் கண்ணில் படுவது பாட்டு. பிசினஸ் கணக்குகள் பலவற்றுக்கு ரீல்ஸில் சினிமாப் பாடல்கள் வராது. இசை நூலகம் சுருங்கிவிடும். திரைப்பாடல்களின் உரிமம் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு வாங்கப்பட்டது, வியாபாரத்துக்கு அல்ல என்பதுதான் காரணம். பாட்டை நம்பியே ரீல்ஸ் ஓட்டிய கடைகளுக்கு இது வருத்தம்தான். தறிச் சத்தத்தையும் அம்மாவின் குரலில் சேலை விளக்கத்தையும் வைத்து எடுக்கிற ரீல்கள் இதனால் பாதிக்கப்படுவதில்லை. அடுத்தது, ஒவ்வொரு பதிவின் கீழும் “Boost post” என்று ஒரு பட்டன் வந்து நிற்கும். அது பணம் கட்டிச் செய்யும் விளம்பரம். தொட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எந்தப் பதிவு தொடுதலைக் கொண்டுவருகிறது என்று இரண்டு மாதமாவது பார்க்காமல் அதில் காசு போடுவது வீண்.

மின்னஞ்சலை வெளியே காட்டினால் மோசடிக் கடிதங்களும் தேடி வரும். “உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இங்கே நுழைந்து முறையிடவும்” என்ற பாணியில் இருக்கும். பதறிப்போய் உள்ளே நுழைந்து கடவுச்சொல்லைக் கொடுத்தவர்கள் கணக்கையே இழந்திருக்கிறார்கள். இன்ஸ்டாகிராம் உண்மையில் உங்களுக்கு அனுப்பிய கடிதங்களின் பட்டியல் செயலிக்குள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் “Accounts Center” போய், “Password and security” என்பதில் “Recent emails” பாருங்கள். புதிதாக வந்த கடிதம் அங்கே இல்லையென்றால் அவர்கள் அனுப்பியது அல்ல.

பிடிக்கவில்லையென்றால் பழையபடி சொந்தக் கணக்காக மாற்றிக்கொள்ள அதே “Account type and tools” பகுதியில் வழி உண்டு. படங்களும் ஃபாலோயர்களும் போக மாட்டார்கள். பட்டன்கள் மறையும், அதுவரை சேர்ந்த இன்சைட்ஸ் கணக்கும் அழிந்துவிடும். அதனால் மாதக் கடைசியில் மூன்று எண்களை, அதாவது ப்ரொஃபைல் வருகை, அழைப்புத் தொடுதல், இணைப்புத் தொடுதல், கடை நோட்டில் எழுதிவிடுங்கள். பக்கத்தில் அந்த மாதம் இன்ஸ்டாகிராம் வழியாக விற்ற சேலைகளின் எண்ணிக்கையையும் எழுதிவைத்தால், அடுத்த ஆடிக்கு எவ்வளவு சரக்கு எடுப்பது என்று பேசும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.